சீட் குழிஞ்சுபோச்சு, கவரும் கிழிஞ்சிருக்கு

"தினமும் 40 கிலோமீட்டர் பைக்ல போறேன், சீட் நடுவுல குழி, கவர் தையல்ல கிழிஞ்சிருக்கு. புது கவர் மட்டும் போட்டா போதுமா?"

போதாதுங்க. கிழிசல் வழியா தண்ணி இறங்கி ஃபோம் ஊறியிருக்கும், அதுமேல கவர் போட்டா குழி அப்படியேதான் இருக்கும். குழியில கட்டைவிரலை நல்லா அழுத்திப் பாருங்க, அடியில ஃபோமைத் தாங்குற கெட்டியான தகடு, அதாவது பேஸ் பிளேட் தட்டுப்பட்டாலோ விரலை எடுத்தும் பள்ளம் மேல வரலைன்னாலோ ஃபோம் முடிஞ்சுபோச்சுன்னு அர்த்தம், அப்ப ரீ-குஷன் பண்றதுதான் சரி. ஃபோம் நல்லா இருந்தா மட்டும் கவரோட நிறுத்திக்கலாம்.

என் சீட்ல மேல மெத்து மெத்துன்னு ஒரு ஸ்பாஞ்ச் வெச்சு தச்சுக் குடுத்தாங்க, முதல் வாரம் சொகுசு, ரெண்டே மாசத்துல பழைய குழி (காசு தண்டம்). அப்புறம் பிரிச்சு, ஃபோமை நல்லா காயவெச்சு, அமுங்கின பகுதியை மட்டும் வெட்டி எடுத்துட்டு அதே அளவுக்கு, ஃபோம் துணுக்குகளை அழுத்திச் செய்யற கெட்டியான ரீபாண்டட் ஃபோம் ஒட்டி, மேல மட்டும் மெல்லிசா சாஃப்ட் ஃபோம் போட்டேன், இடுப்பு வலி குறைஞ்சுச்சு. கவருக்கு அடியில ஒரு பிளாஸ்டிக் ஷீட் கண்டிப்பா போடச் சொல்லுங்க, தையல் உக்கார்ற இடத்துல வராம பாத்துக்கோங்க, ஊசி ஓட்டை வழியாத்தான் மறுபடி தண்ணி இறங்கும்.

பேஸ் பிளேட்டே விரிசல் விட்டிருந்தா இதெல்லாம் வேண்டாம், முழு சீட்டையே மாத்திடுங்க.