ஆர்க்கிமேட் படத்தை ஆளுக்கு ஏத்த மாதிரி பிரிக்கிறது

கேள்வி: கம்பெனி ப்ராசஸ், அப்ளிகேஷன், சர்வர் எல்லாத்தையும் ஆர்க்கிமேட்ல ஒரே பெரிய டயக்ராமா போட்டேன், மேனேஜர் ஒண்ணும் புரியலன்னுட்டார், என்ன பண்ண?

மாடல் ஒண்ணே இருக்கட்டும், அதுலேர்ந்து ஒவ்வொருத்தருக்கும் காட்டுற படத்தை, அதாவது வியூவை மட்டும் பிரிங்க. இப்போ இன்சூரன்ஸ் க்ளெய்ம்னு வச்சுக்கங்க, சர்வர் மேல க்ளெய்ம் அப்ளிகேஷன் ஓடுது, அது ஒரு சர்வீஸை ரியலைஸ் பண்ணுது, அந்த சர்வீஸ் தான் க்ளெய்ம் ப்ராசஸுக்கு உதவுது. ஆபரேஷன்ஸ் மேனேஜருக்கு அப்ளிகேஷனும் ப்ராசஸும் போதும், நடுவுல இருக்கிற சர்வீஸை விட்டுட்டு நேரா சர்விங் அம்பு போடுங்க, இது டிரைவ்டு ரிலேஷன், அதாவது மாடல்ல இருக்கிற தொடர்புகளை வச்சு வருவிச்ச தொடர்பு, ஆர்க்கிமேட் ஸ்டாண்டர்டே அனுமதிக்குது. அம்போட முனை ப்ராசஸ் பக்கம் இருக்கணும், நிறைய பேர் இதைத் தான் திருப்பிப் போடுறாங்க. இன்ஃப்ரா டீமுக்கு சர்வர், அப்ளிகேஷன் மட்டும் தனி வியூ. Archi டூல்ல Properties-ல Viewpoint செலக்ட் பண்ணா அதுல சேராத எலிமென்ட் மங்கலாயிடும், ஆனா அது டைப்பை மட்டும் தான் பாக்கும், அறுபது பெட்டி அடைச்சாலும் எதுவும் சொல்லாது.