நிஃப்டி கொஞ்சம்தான் ஏறும் என்று நினைப்பவர்களுக்கு: புல் கால் ஸ்பிரெட் கேள்வி பதில்

ஈரோடு கார்த்தி: அண்ணா, 12 நாள்ல நிஃப்டி ஒரு 300 பாயிண்ட் ஏறும்னு தோணுது. பேசாம ஒரு கால் வாங்கிட்டா போதாதா? எதுக்கு இன்னொன்னை விக்கணும்?

கணக்கைப் போட்டுப் பார்ப்போம் கார்த்தி. கால் என்பது குறிப்பிட்ட விலையில் வாங்கும் உரிமை, அந்த விலைதான் ஸ்டிரைக். ஒரு காலை வாங்கி, அதே எக்ஸ்பைரியில் அதைவிட உயர்ந்த ஸ்டிரைக்கில் இன்னொரு காலை விற்பதுதான் புல் கால் ஸ்பிரெட். நிஃப்டி 25,000-ல் நிற்கிறது. 25,000 ஸ்டிரைக் காலான 25000 CE 225 ரூபாய், 25300 CE 100 ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். கீழ் ஸ்டிரைக்கை மட்டும் வாங்கினால், ஒப்பந்தம் முடியும் எக்ஸ்பைரி அன்று 25,225-ஐத் தாண்டிய பிறகுதான் உங்களுக்குக் காசு. மேல் ஸ்டிரைக்கையும் விற்றால் கையிலிருந்து போவது 125 மட்டும், 25,125-லேயே முதல் தேறிவிடும்.

நீங்கள் சொன்னபடியே 25,300-ல் முடிந்தால் ஒற்றைக் கால் தருவது 75 ரூபாய், ஸ்பிரெட் தருவது 175 ரூபாய். ஒரு லாட்டுக்கு 65 எண்ணம் என்றால் அதிகபட்ச லாபம் 11,375, அதிகபட்ச நட்டம் 8,125, புரோக்கரேஜும் வரியும் தனி. 25,400-க்கு மேலே போனால்தான் ஒற்றைக் கால் ஜெயிக்கும். 26,000 போய்விட்டால் வயிறு எரியும், அது உண்மை. ஆனால் அந்த ஏற்றத்தை 100 ரூபாய்க்கு விற்றது நீங்கள்தான்.

சேலம் வாசகி: நட்டம் 8,125 தான்னு சொல்றீங்க. கணக்குல 15,000 வெச்சிருந்தும் ஆர்டர் ரிஜெக்ட் ஆகுதே சார்?

நட்டம் வேறு, பிணையாகப் பிடித்து வைக்கும் மார்ஜின் வேறு அம்மா. விற்ற காலுக்கு, வாங்கிய கால் பாதுகாப்பாக இருந்தாலும், மொத்த மதிப்பில் சுமார் 2 சதவீதத்தைப் பிடித்து வைப்பார்கள். 25,000 பெருக்கல் 65 என்றால் பதினாறேகால் லட்சம், அதில் 2 சதவீதம் 32,500. ஆப்ஷனுக்குக் கொடுக்கும் விலையான பிரீமியம் 8,125-ஐயும் சேர்த்து 41,000-க்குக் குறையாமல் வைத்திருங்கள். எக்ஸ்பைரி நாளில் விற்ற இண்டெக்ஸ் ஆப்ஷனுக்கு இன்னொரு 2 சதவீதம் கேட்பார்கள். அன்று காலையில் பணம் போட ஓடாமல் முன்பே தயாராக இருங்கள்.

இன்னொன்று, வரிசை. முதலில் வாங்குங்கள், பிறகு விற்றுவிடுங்கள். வெளியே வரும்போது தலைகீழ்: விற்றதைத் திரும்ப வாங்கிவிட்டு, அப்புறம் கையில் இருப்பதை விற்க வேண்டும். ஒருமுறை நான் அவசரத்தில் வாங்கியதை முதலில் விற்றுவிட்டேன். மீதி நின்ற காலுக்குத் துணை இல்லாததால் மார்ஜின் லட்சத்தைத் தாண்டி எகிறியது. அந்த இரண்டு நிமிடத்தில் திரையில் வந்த சிவப்பு எழுத்தை இன்னும் மறக்கவில்லை.

திருப்பூர் மணி: அஞ்சே நாள்ல நிஃப்டி 25,350 போயிடுச்சு! முழு லாபம் 11,375 வரணுமே, ஆப்ல 5,900 சொச்சம்தான் காட்டுது. ஆப்ல ஏதோ தப்பா?

ஆப் சரியாகத்தான் காட்டுகிறது. நிறைய பேர் ஏமாறும் இடம் இதுதான், அதனால் கொஞ்சம் நிதானமாகச் சொல்கிறேன்.

எக்ஸ்பைரிக்கு இன்னும் 7 நாள் இருக்கிறது. உங்கள் 25000 CE இப்போது ஏறத்தாழ 414 ரூபாய். விற்ற 25300 CE 50 ரூபாயில் இல்லை, 198-ல் நிற்கிறது. 414-ல் 198 போனால் 216. நீங்கள் போட்டது 125, எனவே லாபம் 91, லாட்டுக்கு 5,915. முழு 300 கிடைக்க, நாள் மீதி இருப்பதால் விற்ற காலில் ஒட்டியிருக்கும் கால மதிப்பு கரைய வேண்டும். ஏற்றம் முடிந்துவிட்டது, நாள் முடியவில்லை.

இதை வாங்கும் முன்பே தெரிந்துகொண்டால், எக்ஸ்பைரிக்குள் 25,300-ஐத் தொட்டுவிட்டுத் திரும்பும் என்ற கணிப்புக்கு இந்த ஸ்பிரெட் பொருந்தாது என்பது புரியும். எக்ஸ்பைரி அன்றும் மேலேயே நிற்கும் என்று நம்பினால் பொருந்தும்.

கோவை ராஜேஷ் (குறுக்கே): அதான் சார், நாம கால் வித்திருக்கோம்ல, நாள் போகப் போக நமக்குத்தான் லாபம். மணி பேசாம உட்காரட்டும்.

பாதி சரி ராஜேஷ். நிஃப்டி 25,300 பக்கம் இருக்கிறவரை நாள் நகர்வது நமக்குச் சாதகம். அதே நிஃப்டி 25,000-லேயே உட்கார்ந்திருந்தால், வாங்கிய காலின் கரைச்சல் பெரிது, நாள்தோறும் நமக்குக் கைநட்டம். அதனால் 'விற்றிருக்கிறோம், எனவே காலம் நம் பக்கம்' என்பது எப்போதும் செல்லாது.

மணி, வெளியே வரலாமா என்றால் எனக்கு ஒரு பழக்கம்: அதிகபட்ச லாபத்தில் பாதிக்கு மேல் வந்ததும் எடுத்துவிடுவேன். மீதி 84 ரூபாய்க்காக ஏற்கெனவே கையில் இருக்கும் 216-ஐ ஏழு நாள் அபாயத்தில் நிறுத்துவது எனக்கு உவப்பில்லை. ராஜேஷ் போன்றவர்கள் கடைசிவரை வைத்திருக்கிறார்கள். அவர்களும் தோற்றுவிடவில்லை.

நாகர்கோவில் வாசகர்: ஒரு பங்கோட ஆப்ஷன்ல ஸ்பிரெட் 4 ரூபாய்னு காட்டுது. இது வாங்கலாமா?

நீங்கள் பார்த்தது வாங்கும் விலைக்கும் விற்கும் விலைக்கும் நடுவே உள்ள இடைவெளி, நாம் பேசும் ஸ்பிரெட் அல்ல. ஆனாலும் நல்ல கேள்வி கேட்டீர்கள். இந்த வியாபாரத்தில் உள்ளே போக இரண்டு ஆர்டர், வெளியே வர இரண்டு. ஒவ்வொன்றிலும் அந்த 4-ல் பாதியைக் கொடுத்தால் 8 ரூபாய் வழியிலேயே போய்விடும். மார்க்கெட் ஆர்டர் போடாதீர்கள், லிமிட் போட்டுக் காத்திருங்கள்.

மதுரை அக்கா ஒருவர்: எனக்கு ஒரு அனுபவம் நடந்துச்சு தம்பி. பங்கு ஆப்ஷன்ல இதையே போட்டேன், எக்ஸ்பைரில ரெண்டு ஸ்டிரைக்குக்கு நடுவுல நின்னுச்சு. மறுநாள் முழு லாட் பங்குக்கும் பணம் கட்டச் சொன்னாங்க!

பங்கு ஆப்ஷன்களில் இந்தியாவில் பங்கையே கைமாற்றும் டெலிவரி தீர்வுதான் அக்கா. நடுவில் முடிந்தால் நீங்கள் வாங்கிய கால் உயிரோடு இருக்கும், விற்ற கால் பூஜ்யமாகிவிடும். முழு லாட்டை வாங்கும் பொறுப்பு உங்கள் தலையில். இரண்டு ஸ்டிரைக்கையும் தாண்டியிருந்தால் ஒன்றுக்கொன்று கழிந்திருக்கும். எக்ஸ்பைரிக்கு நான்கு நாள் முன்பிருந்தே டெலிவரி மார்ஜின் ஏறத் தொடங்கும், அதற்குள் வெளியே வந்துவிடுங்கள். நிஃப்டியில் ரொக்கத் தீர்வு என்பதால் இந்தத் தொல்லை கிடையாது.

கார்த்தி (மறுபடியும்): அண்ணா, மணி அண்ணனுக்கு ஏறுச்சு, நான் போட்ட மாசம் ஏழு நாள் இருக்கும்போது 24,800-க்கு விழுந்துடுச்சு. வித்த கால் 100-லிருந்து 20 ஆயிடுச்சு. 80 ரூபாய் லாபம்னு அதை மட்டும் வாங்கி மூடிட்டேன். நல்லதுதானே?

வாங்கிய கால் எவ்வளவில் நிற்கிறது என்று பார்த்தீர்களா? சுமார் 80 இருக்கும். 225-க்கு வாங்கியது. ஒரு கையில் வந்த 80-ஐ மட்டும் எண்ணிவிட்டு, மறு கையில் போன 145-ஐ விட்டுவிட்டீர்கள். இப்போது உங்களிடம் இருப்பது 145 ரூபாய் அடக்கமான ஒற்றைக் கால். ஏழு நாளில் 24,800-லிருந்து 25,145-ஐத் தாண்ட வேண்டும். கொஞ்சம்தான் ஏறும் என்றுதான் ஆரம்பித்தீர்கள், இது வேறு பந்தயம். ஸ்பிரெட்டை மொத்தமாக மூடியிருந்தால் 60 ரூபாயாவது கையில் வந்திருக்கும்.

கார்த்தி: ஏறினா எல்லையில்லாம லாபம் வருமேன்னு நெனச்சேன்ணா. இப்ப 80-ஐ வித்துடவா, வெச்சிருக்கவா?

'இன்றைக்குப் புதிதாக 80 ரூபாய் கொடுத்து இந்தக் காலை வாங்குவீர்களா?' என்று உங்களையே கேட்டுப் பாருங்கள். நான் வாங்க மாட்டேன். உங்கள் பதில் வேறாக இருக்கலாம்.