ஸ்டீராய்டும் வலி மாத்திரையும் சேரும்போது வயிற்றை எப்படிக் காப்பது?

*"எனக்கு 66 வயது. முடக்குவாதத்துக்கு தினமும் ப்ரெட்னிசோலோன் 10 மி.கி. சாப்பிடுகிறேன். வலி தாங்காத நாளில் டைக்ளோஃபினாக்கும் போடுவேன். வயிற்றுக்குப் பான்டோப்ரசோல் எழுதித் தந்திருக்கிறார்கள். என் மகனுக்கு ஆஸ்துமா அதிகமானபோது 5 நாளுக்கு 40 மி.கி. ஸ்டீராய்டு தந்தார்கள், வயிற்றுக்கு எதுவும் தரவில்லை. எனக்கு மட்டும் ஏன்? சாப்பாட்டுக்குப் பிறகு போட்டுக்கொண்டால் போதாதா?"*

உங்கள் வயிற்றுக்கு முதல் எதிரி ஸ்டீராய்டு இல்லை, டைக்ளோஃபினாக்தான். இரைப்பையின் உட்சுவரை அமிலத்திலிருந்து காப்பது அதன் மேல் படிந்திருக்கும் சளிப்படலம். அந்தச் சளியைச் சுரக்க வைப்பதும், சுவருக்கு ரத்த ஓட்டத்தைத் தருவதும் ப்ராஸ்டாகிளாண்டின் என்ற பொருட்கள். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் அவை உருவாவதையே தடுக்கின்றன. அதனால் சுவரில் சின்னச் சின்னப் புண்கள் விழுகின்றன. சாதாரணமாக அவை தானே ஆறிவிடும். ஸ்டீராய்டு அந்த ஆறும் வேலையைத் தாமதப்படுத்துகிறது. ஒன்று புண்ணை உண்டாக்க, மற்றது ஆறவிடாமல் செய்ய, இரண்டும் சேரும்போது ரத்தக்கசிவுக்கான வாய்ப்பு பல மடங்கு கூடுகிறது. 65 வயதைத் தாண்டியவர்களுக்கு இன்னும் கூடுதல்.

உங்கள் மகன் சில நாள் ஸ்டீராய்டு மட்டும் எடுத்தார், கூட வலி மாத்திரை இல்லை. முன்பு அல்சர் வந்ததில்லை என்றால், அவரைப் போன்றவர்களுக்கு வயிற்று மாத்திரை பெரும்பாலும் தேவைப்படாது. 40 மி.கி. என்பது உங்கள் அளவைவிட நான்கு மடங்குதான், ஆனால் இங்கே மில்லிகிராமைவிட கூட என்ன சேர்கிறது என்பதுதான் முக்கியம்.

சாப்பாட்டுக்குப் பிறகு போடும் பழக்கத்தை விடாதீர்கள். ஸ்டீராய்டைக் காலை உணவோடு சாப்பிட்டால் எரிச்சல் குறையும், இரவுத் தூக்கமும் கெடாது. ஆனால் அது மட்டும் புண்ணைத் தடுக்காது. இந்த மருந்துகள் ரத்தத்தில் கலந்த பிறகும் உள்ளிருந்தே இரைப்பைச் சுவரைப் பாதிக்கின்றன. குடலில் கரையும்படி மேல்பூச்சு போட்ட மாத்திரைகளை நம்பி இருக்க முடியாததும் இதனால்தான்.

அதனால் பான்டோப்ரசோல் வேண்டும், அதுவும் சரியான நேரத்தில். பலர் இதைச் சாப்பிட்டு முடித்துப் போடுகிறார்கள். காலை உணவுக்கு அரை மணி நேரம் முன்பு முழுதாக விழுங்குங்கள், உடைக்கவோ மெல்லவோ வேண்டாம். உணவு உள்ளே போகும்போதுதான் அமிலம் சுரக்கும் பம்புகள் வேகமாக வேலை செய்யும். மருந்து அந்த நேரத்தில் ரத்தத்தில் தயாராக இருந்தால்தான் அவற்றை நன்றாக அடைக்கும். எரிச்சல் வந்தபோது மட்டும் குடிக்கும் ஆன்டாசிட் சிரப் இதற்கு மாற்றாகாது. அதோடு அதை ப்ரெட்னிசோலோனோடு சேர்த்துக் குடித்தால் ஸ்டீராய்டு உடம்பில் சேர்வது குறையலாம். இரண்டுக்கும் நடுவே 2 மணி நேரம் விடுங்கள்.

அப்புறம், டைக்ளோஃபினாக்கைக் குறைக்க முடியுமா என்று பாருங்கள். கல்லீரல் கோளாறு இல்லாதவர்களுக்குப் பாராசிட்டமால் வயிற்றைப் பொறுத்தவரை பாதுகாப்பானது. ஓரிரு மூட்டு மட்டும் வலித்தால், டைக்ளோஃபினாக் ஜெல்லில் ரத்தத்தில் கலக்கும் அளவு மாத்திரையைவிட மிகக் குறைவு. அடிக்கடி வலி மாத்திரை தேவைப்படுகிறது என்றால் நோய் அடங்கவில்லை என்று அர்த்தம். மெத்தோட்ரெக்சேட் போன்ற அடிப்படை மருந்தை மருத்துவர் மறுபடி பார்க்க வேண்டும். கடையில் வாங்கும் மாத்திரை அட்டையின் பின்பக்கத்தையும் படியுங்கள். பாராசிட்டமாலோடு ஐபுப்ரோஃபெனோ அசிக்ளோஃபினாக்கோ சேர்த்த மாத்திரைகள் நிறைய உண்டு. இதயத்துக்காக 75 மி.கி. ஆஸ்பிரின் எடுத்தால் அதுவும் இந்தக் கணக்கில் வரும். ஆனால் அதை நீங்களாக நிறுத்தாதீர்கள், மருத்துவரிடம் சொல்லுங்கள். முன்பு அல்சர் வந்திருந்தால் ஹெலிகோபாக்டர் பைலோரி கிருமி இருக்கிறதா என்றும் பரிசோதிக்கச் சொல்லுங்கள்.

என்னைக் கவலைப்பட வைக்கும் இன்னொரு விஷயம்: ஸ்டீராய்டு வலியை மறைக்கும். புண் ஆழமாகி இரைப்பையில் ஓட்டை விழுந்தால்கூட, மற்றவர்களுக்கு வரும் கடும் வலி உங்களுக்கு மந்தமாகத் தெரியலாம். வலி இல்லை என்பதை வைத்து எல்லாம் சரி என்று முடிவு செய்யாதீர்கள். மலம் தார் போலக் கறுத்து, ஒட்டும் தன்மையோடு நாற்றமடித்தால், வாந்தியில் ரத்தமோ கரும்பழுப்புத் துகளோ வந்தால், எழுந்து நிற்கும்போது தலை சுற்றிக் கண் இருட்டினால், அன்றே அவசரப் பிரிவுக்குப் போங்கள். இரும்புச் சத்து மாத்திரையும் மலத்தைக் கறுப்பாக்கும், ஆனால் அதில் அந்த ஒட்டலும் கடும் நாற்றமும் இருக்காது. சந்தேகம் என்றால் காட்டிவிடுவதே நல்லது.

வயிறு எரிகிறது என்று ஸ்டீராய்டை மட்டும் சட்டென நிறுத்திவிடாதீர்கள். வாரக்கணக்கில் வெளியிலிருந்து கிடைத்துக்கொண்டிருந்தால் அட்ரினல் சுரப்பி தன் சுரப்பைக் குறைத்திருக்கும். திடீரென நிறுத்தினால் ரத்த அழுத்தம் விழுந்து உயிருக்கே ஆபத்தாகலாம். மருத்துவர் சொல்லும் வேகத்தில் படிப்படியாகத்தான் குறைக்க வேண்டும். டைக்ளோஃபினாக்கும் நின்று, ஸ்டீராய்டும் குறைந்த பிறகு, பான்டோப்ரசோல் இன்னும் வேண்டுமா என்று அவரிடம் கேளுங்கள். ஸ்டீராய்டு ஏற்கெனவே எலும்பைத் தேய்க்கிறது, அமிலக் குறைப்பு மருந்தைத் தேவையில்லாமல் ஆண்டுக்கணக்கில் தொடர்ந்தால் எலும்பு முறிவுக்கான வாய்ப்பு இன்னும் சற்று கூடலாம்.