ஐந்து வருடம் முடிகிறது, லிங்க்ட்இன்னில் என்ன எழுதுவது?

கேள்வி: ஸ்ரீபெரும்புதூரில் வாகன உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றில் தர ஆய்வாளராக இருக்கிறேன். அடுத்த மாதம் ஐந்து வருடம் நிறைகிறது. முதல் இரண்டு வருடம் கான்ட்ராக்ட். லிங்க்ட்இன்னில் அடக்கமாக ஒரு பதிவு போட ஆசை. ஆனால் சொல்லிக்கொள்ளும்படி என்ன கற்றேன்? சூடான பாகத்தை உடனே அளக்கக் கூடாது என்பது போன்ற சின்ன விஷயங்கள்தான். ஆங்கிலமும் சரளமாக வராது. கன்சல்டன்சிக்காரர் ஒருவர் 2,000 ரூபாய்க்கு எழுதித் தருகிறேன் என்கிறார். கொடுக்கலாமா?

பதில்: கொடுக்காதீர்கள். உங்கள் பதிவின் முக்கால்வாசியை இந்தக் கேள்வியிலேயே எழுதிவிட்டீர்கள்.

சூடான பாகம் என்றீர்களே, அதுதான் விஷயம். 100 மில்லிமீட்டர் அலுமினியப் பாகம் 15 டிகிரி கூடுதல் சூட்டில் ஏறக்குறைய 0.035 மில்லிமீட்டர் பெருத்துவிடும். மெஷினிலிருந்து இறக்கிய கையோடு துளையை அளந்தால் அளவு சரியாக இருக்கும்; ஆறிய பிறகு அதே துளையில் கேஜ் நுழையாது. உங்கள் தொழிலில் இருக்கிறவர் இதை ஒரு வரி படித்தாலே, எழுதியவர் லைனில் நின்று வேலை பார்த்தவர் என்று தெரிந்துகொள்வார். 'இந்த ஐந்தாண்டுப் பயணம் எனக்குப் பொறுமையையும் குழு உணர்வையும் கற்றுத் தந்தது' என்று எழுதினால் அப்படித் தெரியாது. அந்த வாக்கியத்தை வங்கிக்காரரும் எழுதலாம், மருந்து விற்பனைப் பிரதிநிதியும் எழுதலாம். ஆள் எடுக்கிற வேலையில் பல வருடமாக இருக்கிறேன். அப்படிப்பட்ட பதிவைப் பார்த்து ஒருவரைக் கூப்பிட்டுப் பேசியதாக எனக்கு நினைவில்லை.

மாதிரிக்கு ஒன்று எழுதுகிறேன். உங்கள் விவரங்களுக்கு ஏற்ப மாற்றிக்கொள்ளுங்கள்.

"தர ஆய்வு வேலையில் இந்த மாதம் எனக்கு ஐந்து வருடம். முதல் இரண்டு வருடம் ஒப்பந்தப் பணி, பிறகு நிரந்தரம். வந்த புதிதில், மெஷினிலிருந்து பாகம் இறங்கியதும் அளந்து 'ஓகே' போட்டுவிடுவேன். ஒரு நாள், காலையில் ஓகே போட்ட துளையில் மதியம் ப்ளக் கேஜ் ஏறவில்லை. பாகம் ஆறியதும் துளை சுருங்கியிருக்கிறது என்று லைனில் இருந்த மூத்த ஆபரேட்டர் ஒருவர்தான் புரியவைத்தார். அன்றிலிருந்து பாகத்தையும் கேஜையும் ஒரே மேசையில் வைத்து, இரண்டும் ஒரே சூட்டுக்கு வந்த பிறகுதான் அளக்கிறேன். உங்கள் லைனில் எவ்வளவு நேரம் ஆறவிடுகிறீர்கள்? சித்திரை வெயிலுக்கு அந்த நேரத்தைக் கூட்டுவது உண்டா?"

இவ்வளவுதான். ஒரு பாடம், அது எப்படிப் புரிந்தது, இப்போது என்ன செய்கிறீர்கள், அப்புறம் ஒரு கேள்வி. பெருமை பேசியதாகத் தோன்றுமோ என்று தயங்க வேண்டாம். சொல்லிக்கொடுத்தவரும் அதில் இருக்கிறார். அவர் பெயரைப் போடுவதாக இருந்தால் அவரிடம் கேட்டுவிட்டுப் போடுங்கள். மேலாளர்கள் அத்தனை பேரையும் டேக் செய்ய வேண்டியதில்லை.

கடைசிக் கேள்வியில் கொஞ்சம் நேரம் செலவிடுங்கள். 'உங்கள் அனுபவத்தைப் பகிருங்கள்' என்று முடித்தால் வாழ்த்துகள்தான் வரும். எவ்வளவு நேரம், எப்போது, எதை வைத்து என்று கேட்டால் தெரிந்தவர்கள் பதில் சொல்லாமல் போக மாட்டார்கள். தமிழிலேயே எழுதுங்கள். ஓசூரிலும் கோயம்புத்தூரிலும் இதே வேலை பார்ப்பவர்கள் படிக்கட்டும்.

படம் போடுவதென்றால் ஷாப் ஃப்ளோர் படம் வேண்டவே வேண்டாம். பின்னால் தொங்கும் டிராயிங், டேக்கில் இருக்கும் வாடிக்கையாளர் பெயர், பலகையில் இருக்கும் ரிஜெக்‌ஷன் எண் எல்லாம் படத்தில் விழும்.

இப்போது அந்த முதல் இரண்டு வருடத்துக்கு வருகிறேன். மாதிரியில் அதை நான் ஒளிக்காமல் எழுதியது காரணத்தோடுதான். கன்சல்டன்சிக்காரர் 'கம்பெனியில் ஐந்து வருடம் என்றே போடுங்கள், யார் பார்க்கப் போகிறார்கள்' என்பார். பார்க்கிறார்கள். நாளை வேறு வேலைக்குப் போகும்போது பின்னணிச் சரிபார்ப்பில் உங்கள் பி.எஃப். சேவை வரலாறு கேட்கப்படலாம். அதில் முதல் இரண்டு வருடத்துக்கு ஒப்பந்ததாரர் பெயரும், பிறகு கம்பெனி பெயரும் தனித்தனி உறுப்பினர் எண்ணோடு, சேர்ந்த தேதியோடு இருக்கும். பதிவில் ஒன்று, பி.எஃப். கணக்கில் இன்னொன்று என்றால், உண்மையாக உழைத்தவரையே பொய் சொன்னவராக எழுதிவிடுவார்கள். கையில் வந்த ஆஃபர் இப்படிப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

ஆகவே ப்ரொஃபைலில் இரண்டு பதிவாகப் பிரியுங்கள். முதலாவதில் ஒப்பந்ததாரர் பெயர், பணியிடம் இன்ன தொழிற்சாலை. இரண்டாவதில் கம்பெனி பெயர், நிரந்தரமான மாதம். இதில் இன்னொன்றும் உண்டு. வேலை ஆண்டு நிறைவை லிங்க்ட்இன் தானாகவே உங்கள் தொடர்பில் இருப்பவர்களுக்குத் தெரிவிக்கும். அது ப்ரொஃபைலில் நீங்கள் போட்ட தொடக்கத் தேதியை வைத்துத்தான். தேதி தப்பாக இருந்தால், நீங்கள் வாயே திறக்காதபோதும் தப்பான வருடக் கணக்கு எல்லோருக்கும் போய்ச் சேரும்.

இன்னும் ஒரு சிக்கல். இடையில் ஒப்பந்ததாரர் மாறியிருந்தால், பழையவர் நீங்கள் விலகிய தேதியை பி.எஃப். கணக்கில் ஏற்றாமலே போயிருக்கலாம். அதே மெஷின், அதே ஷிப்ட், அதே ஆள். சம்பளச் சீட்டில் மட்டும் பெயர் மாறும், அதற்கான காகிதத்தை எவரும் ஒழுங்காக முடிப்பதில்லை. வேலை செய்தவன் தன் சொந்த வருடங்களுக்கு ஆதாரம் தேடி அலைய வேண்டியிருக்கும் இந்த ஏற்பாட்டைப் பார்த்துப் பார்த்து எனக்கு அலுத்துவிட்டது. இப்போது ஒரு வழி இருக்கிறது. கடைசி பங்களிப்பு முடிந்து இரண்டு மாதம் ஆகியிருந்தால், பி.எஃப். உறுப்பினர் தளத்தில் Mark Exit என்ற இடத்தில் விலகிய தேதியை நீங்களே பதியலாம். ஆதாரோடு இணைத்த கைபேசி எண்ணுக்கு ஓ.டி.பி. வரும். ஒருமுறை பதிந்ததை மாற்றுவது பெரும்பாடு என்பதால், பழைய சம்பளச் சீட்டைக் கையில் வைத்துக்கொண்டு பதியுங்கள். பதிவு போடும் முன் இதை முடித்துவிடுங்கள்.

2,000 ரூபாய் விஷயம். எழுதித் தருகிறேன் என்பவர்களில் பலர் கடவுச்சொல்லையும் கேட்பார்கள். கொடுத்தால் உங்கள் தொடர்புகள், தனிச் செய்திகள் எல்லாம் அவர் கையில். பிறகு உங்கள் பெயரிலிருந்து உங்கள் நண்பர்களுக்கு 'வேலை இருக்கிறது, பதிவுக் கட்டணம் கட்டுங்கள்' என்று செய்தி போகும். பழி உங்கள் மேல் விழும்.

நீங்களே எழுதினாலும், ஐந்து வருட அனுபவம் என்று கண்ணில் பட்டதும் இரண்டொரு நாளில் தனிச் செய்திகள் வரலாம். வளைகுடா வேலை, விசா தயார், மருத்துவப் பரிசோதனைக்கு மட்டும் பணம் அனுப்புங்கள் என்பார்கள். முன்பணம் கேட்டாலே பேச்சை நிறுத்துங்கள். வெளிநாட்டு வேலை என்றால் அந்த முகவர் அரசிடம் பதிவு பெற்றவரா என்று emigrate.gov.in தளத்தில் பாருங்கள். பணம் போய்விட்டால் தாமதிக்காமல் 1930 என்ற எண்ணுக்கு அழையுங்கள். எவ்வளவு சீக்கிரம் அழைக்கிறீர்களோ, பணத்தைத் தடுத்து நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

மற்றபடி கீழே வரும் கருத்துகளில், வெறும் வாழ்த்துக்கு ஒரு நன்றி போதும். 'நாங்கள் ஆறவிடுவதில்லை, வெப்பத்துக்கான திருத்தத்தைக் கணக்கில் சேர்த்துவிடுகிறோம்' என்று யாராவது எழுதினால், எந்த இடத்தில் வெப்பநிலையை அளக்கிறார்கள் என்று திருப்பிக் கேளுங்கள்.