துணைநூற்பட்டியலில் மதிப்பீட்டுக் குறிப்பு எழுதுவது

“சமூகவியல் பாடத்துக்குக் குறிப்புரையோடு துணைநூற்பட்டியல் கேட்கிறார்கள். ஒவ்வொரு நூலுக்கும் மதிப்பீடு எப்படி எழுதுவது?”

நூலின் சுருக்கத்தை இரண்டு வரியில் முடித்துவிட்டு, அது உங்கள் ஆய்வுக் கேள்வியில் எதற்குச் சான்றாகும், எதற்கு ஆகாது என்பதற்கே மீதி இடத்தைக் கொடுங்கள். தாமிரபரணிக் கரை ஊர்களின் இன்றைய சாதி உறவுகளை நீங்கள் ஆராய்வதாகக் கொண்டால், கால்டுவெல் 1881-இல் வெளியிட்ட திருநெல்வேலி வரலாற்றைப் பற்றி இவ்வாறு எழுதலாம்:

“இடையன்குடியில் நெடுங்காலம் வாழ்ந்த மறைப்பணியாளர் எழுதிய நூல், 1801-இல் இப்பகுதி ஆங்கிலேயர் வசமானதோடு முடிவதால், பாளையக்காரர் காலப் பின்னணிக்குப் பயன்படுமேயன்றி இன்றைய உறவுகளுக்குச் சான்றாகாது. மக்களைப் பற்றிய அவருடைய தீர்ப்புகளைக் காலனியக் காலப் பார்வைக்கான சான்றாக மட்டுமே எடுத்துக்கொள்கிறேன்.”

நம் ஊர் நூல் என்ற பற்றினால் பலர் இந்தக் கடைசி வரியை விட்டுவிடுகிறார்கள். ஆசிரியர் முதலில் தேடுவது அதைத்தான். எழுதிய குறிப்பை வேறொரு நூலின் கீழ் வைத்துப் பாருங்கள். அங்கும் பொருந்தினால் திருத்தி எழுதுங்கள்.