பருப்பு பீய்ச்சினால் விசிலை மாற்ற வேண்டுமா?

கேள்வி: எங்கள் வீட்டில் ஐந்து பேர். 3 லிட்டர் குக்கரில் இரண்டு டம்ளர் துவரம் பருப்பும் ஏழு டம்ளர் தண்ணீரும் வைக்கிறேன். ஒவ்வொரு விசிலுக்கும் மஞ்சள் தண்ணீர் பீய்ச்சி அடுப்பு, சுவர் எல்லாம் நாசம். சில நாள் விசிலே வருவதில்லை. பாத்திரக் கடையில் வெயிட்டை மாற்றச் சொல்கிறார்கள். மாற்றட்டுமா? (வாசகி, தண்டையார்பேட்டை)

பதில்: வெயிட்டுக்கு இப்போதே காசு செலவழிக்காதீர்கள். முதலில் அளவைப் பார்ப்போம்.

உங்கள் டம்ளர் 200 மில்லி என்று வைத்துக்கொள்ளுங்கள். ஏழு டம்ளர் தண்ணீர் 1.4 லிட்டர். பருப்பின் இடுக்குகளில் தண்ணீர் புகுந்துவிடுவதால், இரண்டு டம்ளர் பருப்பு மட்டத்தை ஏற்றுவது கால் லிட்டர் அளவுக்குத்தான். மொத்தம் சுமார் 1.65 லிட்டர், அதாவது அடுப்பில் ஏற்றும்போதே பாதிக் குக்கரைத் தாண்டிவிட்டது. காய்கறி, கிழங்குக்கு முக்கால் பாகத்துக்குக் கீழே, மூன்றில் இரண்டு பங்கு வரை போகலாம். அரிசிக்குப் பாதிதான் எல்லை. பருப்புக்கு மூன்றில் ஒரு பங்கோடு நிறுத்துவது நல்லது. இதெல்லாம் தண்ணீரையும் சேர்த்த கணக்கு. உங்கள் குக்கரோடு வந்த புத்தகத்தில் இதைவிடக் குறைவாகச் சொல்லியிருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பருப்புக்கு மட்டும் ஏன் இவ்வளவு கெடுபிடி? வேகும்போது அதிலிருந்து வரும் புரதமும் மாவுச்சத்தும் தண்ணீரை நுரைக்க வைக்கின்றன. அந்த நுரை எளிதில் உடையாது, அடுக்கடுக்காக ஏறும். குக்கருக்குள் தண்ணீர் ஏறக்குறைய 120 டிகிரியில் இருக்கும். வெயிட் தூக்கியதும் அழுத்தம் சட்டென்று இறங்குகிறது. அந்த நொடியில் மேலே மட்டுமல்ல, அடிவரை தண்ணீர் முழுக்கத் தளதளவென்று கொதித்து நுரையை மூடிவரை தள்ளுகிறது. மேலே காலி இடம் இருந்தால் நுரை அங்கேயே அடங்கிவிடும், ஆவி மட்டும் வெளியேறும். இடம் இல்லையென்றால் நுரையும் ஆவியோடு சேர்ந்து குழாயில் ஏறும். நீங்கள் பார்க்கும் மஞ்சள் தண்ணீர் அதுதான். விசிலைக் கரண்டியால் தூக்கி அவசரமாக ஆவியை விடும்போதும் இதே கதைதான்.

சுவரில் தெறித்ததைத் துடைத்துவிடலாம். குழாய்க்குள் தங்கியதுதான் தொல்லை. அந்தச் சூட்டில் மாவு பசையாகி, காய்ந்து, துளையைச் சிறுகச் சிறுக அடைக்கிறது. விசில் வராத நாட்களில் அநேகமாக இதுதான் நடந்திருக்கிறது. ஆவி போக வழியில்லாமல் அழுத்தம் ஏறிக்கொண்டே போகும், கேஸ்கட் ஓரமாகச் சீறும், கடைசியில் சேஃப்டி வால்வு உருகித் திறக்கும். அந்த வால்வின் அடிப்பக்கத்திலும் பருப்பு ஒட்டியிருந்தால் அதையும் நம்ப முடியாது. வெயிட் அசையாமல் ஓரத்தில் சீறினால் உடனே அடுப்பை அணைத்து, தானாக ஆறும்வரை விட்டுவிடுங்கள். மூடியை வலுக்கட்டாயமாகத் திறக்கவே கூடாது.

இனி, மூடியை வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிக் குழாய் வழியே பாருங்கள். மறுபக்கம் வட்டமாகத் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் வெந்நீரில் ஊறவைத்து, மெல்லிய கம்பியால் குத்திவிட்டுக் குழாயடியில் நன்றாக அலசுங்கள். வெயிட்டின் உள்பக்கத்தையும் அப்படியே அலசுங்கள். சமைக்கும்போது குழாயில் ஆவி சீராக வந்த பிறகே வெயிட்டைப் போடுங்கள். வழி திறந்திருக்கிறதா என்பது அப்போதே தெரிந்துவிடும். இதையெல்லாம் செய்து, அளவும் குறைத்த பிறகும் வெயிட் சரியாகத் தூக்கவில்லை என்றால் மாற்றுங்கள், அதே கம்பெனியின் அசல் பாகமாக.

சரி, ஐந்து பேருக்கு எப்படிச் சமைப்பது? 3 லிட்டரில் ஒரு டம்ளர் பருப்புக்கு மூன்றரை டம்ளர் தண்ணீர் வையுங்கள். மட்டம் ஒரு லிட்டருக்குள் நிற்கும். சாம்பாருக்கு இதுவே போதும். ஒரு லிட்டர் பாட்டில் தண்ணீரை ஊற்றி அது குக்கரில் எங்கே நிற்கிறது என்று ஒருமுறை பார்த்துக்கொண்டால் பிறகு கண்ணே அளந்துவிடும். மூடும் முன் ஒரு கொதி வரவிட்டு நுரையைக் கரண்டியால் எடுங்கள், ஒரு ஸ்பூன் எண்ணெய் விடுங்கள், அப்புறம் ஆவி வந்ததும் தீயைக் குறையுங்கள். எண்ணெய் நுரையைக் குறைக்கும், ஆனால் நிரம்பி வழியும் குக்கரைக் காப்பாற்றாது.

சோற்றுக்குத்தான் உங்களுக்கு இடம் பற்றாது. இரண்டரை டம்ளர் புழுங்கல் அரிசிக்கு மூன்று பங்கு தண்ணீர் வைத்தால் 1.8 லிட்டர் ஆகிவிடும். அதற்கு ஐ.எஸ்.ஐ. முத்திரையும் ஐ.எஸ். 2347 என்ற எண்ணும் உள்ள 5 லிட்டர் குக்கர் ஒன்று வாங்குங்கள். வெயிட்டுக்குக் கொடுக்க இருந்த பணத்தை அதில் போடலாம். 3 லிட்டரைப் பருப்புக்கே வைத்துக்கொள்ளுங்கள்.