விடுதிக்குக் குழாய் அளவு: கணக்கை மேல் மாடியில் தொடங்குங்கள்

கேள்வி: நாகமலை புதுக்கோட்டை பக்கம் தரைத்தளமும் 4 மாடியும் உள்ள பெண்கள் விடுதி கட்டுகிறோம். மாடிக்கு 40 பேர், 5 கழிப்பறை, 5 குளியலறை, 5 வாஷ்பேசின், துணி துவைக்க 2 குழாய். மொட்டை மாடித் தொட்டியிலிருந்து 2 இன்ச் பைப் இறக்கினால் போதும் என்கிறார் பிளம்பர். ஃபிக்ஸ்சர் யூனிட் கணக்குப்படி அது சரியா? கழிவுநீர்ப் பைப் என்ன அளவில் போடுவது?

பதில்: போதாது. கீழ் மூன்று தளங்களில் ஒரு குறையும் தெரியாது. நாலாவது மாடியில் காலை ஆறரை மணிக்குக் குழாயைத் திறந்தால் நூல் மாதிரி ஒழுகும், சில நேரம் காற்று மட்டும் வரும்.

தொட்டிக் கொள்ளளவை முதலில் முடித்துவிடலாம். தேசியக் கட்டட விதித்தொகுப்பு விடுதிக்கு ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் வைக்கச் சொல்கிறது. 200 பேருக்கு 27,000 லிட்டர். அதில் பாதியை மேலே வையுங்கள். நம் பக்கம் குழாய்த் தண்ணீர் தினமும் வரும் என்று நம்பிக் கட்ட முடியாது என்பதால் சம்ப் குறைந்தது இரண்டு நாள் தேவைக்காவது இருக்கட்டும். இதில் யாரும் பெரிதாகத் தவறுவதில்லை. தவறுவதெல்லாம் பைப் அளவில்தான்.

ஃபிக்ஸ்சர் யூனிட் என்பது லிட்டர் கணக்கு இல்லை. ஒரு குழாய் எவ்வளவு தண்ணீர் இழுக்கும், எவ்வளவு நேரம் திறந்திருக்கும், எத்தனை நிமிடத்துக்கு ஒருமுறை திறக்கப்படும் என்ற மூன்றையும் சேர்த்துக் கொடுத்த ஒரு எடை. 1940ல் அமெரிக்காவில் ராய் ஹன்டர் என்பவர் போட்ட வழி இது. மொத்த யூனிட்டைக் கூட்டி அவருடைய வளைகோட்டில் பார்த்தால், ஒரே நேரத்தில் எவ்வளவு தண்ணீர் ஓடக்கூடும் என்று கிடைக்கும். எல்லாரும் ஒரே சமயத்தில் திறக்க மாட்டார்கள் என்ற சலுகை அதற்குள்ளேயே இருக்கிறது.

உங்கள் கட்டடத்துக்குப் போட்டுப் பார்ப்போம். பொதுப் பயன்பாட்டில் சிஸ்டர்ன் வைத்த கழிப்பறைக்கு 5, குளியல் குழாய்க்கு 4, வாஷ்பேசினுக்கு 2, துவைக்கும் குழாய்க்கு 3 யூனிட். ஒரு மாடிக்கு 25, 20, 10, 6 என்று மொத்தம் 61. ஐந்து தளத்துக்கும் 305. வளைகோட்டில் 305க்கு நிமிடத்துக்குச் சுமார் 325 லிட்டர் வருகிறது. ஒரு மாடிக்கு மட்டும் பார்த்தால் 120 லிட்டர். ஐந்தால் பெருக்கினால் 600 ஆகவேண்டியது 325 ஆகக் குறைந்திருக்கிறதே, அதுதான் நான் சொன்ன சலுகை.

இந்தச் சலுகையை விடுதிக்கு முழுதாகக் கொடுக்கலாமா என்றால், என் கணக்கில் கூடாது. சிஸ்டர்னுக்கு ஹன்டர் எடுத்துக்கொண்டது ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை, ஒரு நிமிடம் நிரம்புவது. அது நமக்கும் ஒத்துவரும். பக்கெட் குளியல் அவர் கணக்கிலேயே கிடையாது. நம் பிள்ளைகள் 20 லிட்டர் பக்கெட்டை இரண்டு தடவை நிரப்புவார்கள். நிமிடத்துக்கு 12 லிட்டர் கொட்டும் குழாயில் அதற்கு மூன்றரை நிமிடம் ஆகும். கதவுக்கு வெளியே அடுத்தவள் சோப்பு டப்பாவோடு நிற்பதால் பத்து நிமிடத்தில் குளியல் முடியும். அதாவது காலை நெரிசலில் ஒவ்வொரு குளியல் குழாயும் மூன்றில் ஒரு பங்கு நேரத்துக்கும் மேலாகத் திறந்தே இருக்கிறது. கல்லூரிப் பஸ் எட்டு மணிக்கு என்றால் ஐந்து தளத்திலும் ஒரே நேரத்தில் இப்படித்தான்.

அதனால் குளியல் குழாய்களை வளைகோட்டிலிருந்து வெளியே எடுத்துவிட்டுத் தனியாக எண்ணுவேன். 25 குழாய், ஒவ்வொன்றும் 35 சதவீத நேரம் திறந்திருக்கும் என்றால் சராசரியாக 9 குழாய் ஓடும். நூற்றுக்கு 99 தடவை போதுமாக இருக்கவேண்டும் என்று பார்த்தால் 14 குழாய் வருகிறது, ஒன்றைக் கூட்டி 15 குழாய்க்குத் திட்டமிடுவேன். அது 180 லிட்டர். மீதி 205 யூனிட்டுக்கு வளைகோட்டிலிருந்து 250 லிட்டர். ஆக நிமிடத்துக்கு 430 லிட்டர். 325 எங்கே, 430 எங்கே!

அடுத்தது உயரம். பம்ப் வைத்து அழுத்தம் கொடுக்கும் கட்டடம் வேறு. நீங்கள் தொட்டியிலிருந்து தானாக இறங்கும் தண்ணீரை நம்புகிறீர்கள். தொட்டியின் அடி மொட்டை மாடிக்கு மேல் ஒன்றரை மீட்டர் தூக்கி இருக்கிறது, மாடி உயரம் 3.2 மீட்டர், பக்கெட் குழாய் தரையிலிருந்து முக்கால் மீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். நாலாவது மாடிக் குழாய்க்கு மேல் நிற்கும் தண்ணீர் உயரம் வெறும் 4 மீட்டர். தரைத்தளத்துக்கு அதே தொட்டியிலிருந்து கிட்டத்தட்ட 17 மீட்டர். மேல் மாடியின் அந்த 4 மீட்டரில் குழாய் வாயில் 2 மீட்டராவது மிஞ்ச வேண்டும். தொட்டியிலிருந்து அந்த மாடி வரும்வரை ஒரு மீட்டர், மாடிக்குள்ளே ஓடும் கிளைக்கு ஒரு மீட்டர், இவ்வளவுதான் உராய்வுக்குக் கொடுக்கலாம்.

மொட்டை மாடியில் ஓடும் நீளம், இறக்கம், எல்போ, வால்வு எல்லாவற்றையும் சேர்த்து 45 மீட்டர் பைப்புக்குச் சமம் என்று எடுத்துக்கொள்கிறேன். 50 மி.மீ. உள்விட்டமுள்ள பைப்பில் 325 லிட்டரை அனுப்பவே 7 மீட்டர் உயரம் உராய்வில் போய்விடும். கையில் இருப்பதோ 4. அப்புறம் இன்னொரு சங்கதி: கடையில் 2 இன்ச் என்று தரும் சி.பி.வி.சி. பைப்பில், தடித்த ரகமான எஸ்.டி.ஆர். 11 என்றால் உள்ளே 44 மி.மீ.தான். அதில் இழப்பு 13 மீட்டர். அவ்வளவு உயரம் இல்லாததால் மேலே ஓட வேண்டிய தண்ணீரைக் கீழ்த்தளங்கள் உறிஞ்சிக்கொள்ளும். மேல் மாடிக் குழாய் காற்று விடுவது இதனால்தான். தொட்டி நிரம்பி இருந்தும் மேலே வரவில்லை, கீழே இரண்டு குழாயை மூடினால் உடனே வருகிறது என்றால் சந்தேகமே வேண்டாம், பொது இறக்கப் பைப் சிறியது. நான் போய்ப் பார்த்த ஒரு விடுதியில் இதற்கு இன்னொரு தொட்டி கட்டி வைத்திருந்தார்கள். தொட்டி கூடியது, பைப் அதேதான், மேல் மாடிப் பிள்ளைகள் ஐந்து மணிக்கே எழுந்து பக்கெட் நிரப்புவதும் அதேதான்.

முழு 430 லிட்டரையும் ஒரே பைப்பில் எடுத்தால் 75 மி.மீ. உள்விட்டத்திலும் 1.6 மீட்டர் போகும். 100 போட்டால்தான் அரை மீட்டருக்குள் அடங்கும். அவ்வளவு பெரிய பைப்புக்குப் பதிலாக நான் செய்வது, தொட்டியில் இரண்டு வாய் வைப்பது. நாலாவது மாடிக்கு மட்டும் தனியாக 65 மி.மீ. அந்த மாடியின் தேவை, ஐந்து குளியல் குழாயும் திறந்திருப்பதாக எண்ணி நிமிடத்துக்கு 155 லிட்டர். இழப்பு அரை மீட்டர். மற்ற நாலு தளங்களுக்கு 360 லிட்டர், 75 மி.மீ., இழப்பு 1.2 மீட்டர். மூன்றாவது மாடிக்கே 7 மீட்டருக்கு மேல் உயரம் இருப்பதால் அது தாங்கும். கீழே யார் எத்தனை குழாய் திறந்தாலும் மேல் மாடி பாதிக்காது. இந்த 65, 75 எல்லாம் உள்விட்டம். வாங்கும்போது பட்டியலில் உள்ள பெயரை நம்பாமல் பைப் வாயில் டேப் வைத்து அளந்து வாங்குங்கள். போர் தண்ணீர்தான் என்றால் உப்புப் படிவதற்கும் கொஞ்சம் இடம் விட்டு, அடுத்த பெரிய அளவுக்குப் போனாலும் நஷ்டமில்லை.

இனி கழிவு. இங்கே யூனிட் வேறு: கழிப்பறைக்கு 4, குளியலறைத் தரை ட்ராப்புக்கு 2, வாஷ்பேசினுக்கு 1, துவைக்கும் இடத்து ட்ராப்புக்கு 3. கழிப்பறை வரிசைக்கு ஒரு நேர் பைப், குளியல், துவைப்புத் தண்ணீருக்கு இன்னொன்று என்று பிரித்தால் முதலாவதில் 100 யூனிட், இரண்டாவதில் 105. மூன்று தளத்துக்கு மேல் போகும் 75 மி.மீ. நேர் பைப் சுமார் 72 யூனிட் தாங்கும், 100 மி.மீ. 500 தாங்கும். ஆகவே இரண்டுக்கும் வெளிவிட்டம் 110 மி.மீ. உள்ள பைப்தான். குளியல் தண்ணீர்தானே என்று 75 போடச் சொல்வார்கள், கேட்காதீர்கள். தரைக்கடியில் இரண்டும் சேர்ந்து 205 யூனிட் ஆகும் இடத்தில், 50க்கு 1 வாட்டத்தில் 100 மி.மீ.யின் எல்லையே சுமார் 216. அங்கே 160 பைப் போட்டுவிடுங்கள்.

கழிவில் அளவால் வரும் வில்லங்கத்தைவிட அடி வளைவில் வரும் வில்லங்கம் அதிகம். நாலு மாடி விழுந்து வரும் தண்ணீர் அடியில் திரும்பும்போது தயங்கிக் குவியும். அதற்கு முன்னால் வந்த காற்று போக வழியில்லாமல் அழுந்தும். தரைத்தள ட்ராப்பை அந்தப் பைப்பிலேயே சேர்த்திருந்தால், நாற்றத்தைத் தடுக்க ட்ராப்பில் நிற்கும் தண்ணீரைக் காற்று தள்ளிக்கொண்டு மேலே வரும். ஞாயிற்றுக்கிழமை எல்லா மாடியிலும் துணி துவைக்கும்போது பாருங்கள், தரைத்தளக் குளியலறையில் ட்ராப் ஜாலி வழியாக வெள்ளை நுரை பொங்கும். அடைப்பு என்று நினைத்துக் கம்பி விட்டுக் குடைவார்கள், அடைப்பே இருக்காது. தரைத்தளத்தைத் தனிப் பைப்பில் நேராக சேம்பருக்குக் கொண்டுபோங்கள். அடியில் ஒரே 90 டிகிரி வளைவுக்குப் பதில் இரண்டு 45 டிகிரி போடுங்கள். நேர் பைப்பை அதே 110 அளவிலேயே மொட்டை மாடிக்கு மேல் உயர்த்தித் தொப்பி போட்டு விடுங்கள். பிறகு சோலார் ஹீட்டர் வைக்க வருபவர் இடைஞ்சலாக இருக்கிறது என்று அதை அறுத்து மூடி போடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

ட்ராப் வாங்கும்போது தண்ணீர் நிற்கும் ஆழம் 50 மி.மீ. இருக்கிறதா என்று ஸ்கேல் விட்டுப் பாருங்கள். மலிவானதில் பாதிதான் இருக்கும். குடியேறும் முன் ஒரு சோதனை: நாலாவது மாடியில் ஆறேழு பக்கெட்டை ஒரே நேரத்தில் கவிழ்த்து, இரண்டு சிஸ்டர்னை இழுத்துவிட்டு, கீழ் மாடிகளின் ட்ராப்பில் டார்ச் அடித்துத் தண்ணீர் மட்டத்தை முன்னும் பின்னும் அளக்கச் சொல்லுங்கள். 25 மி.மீ.க்கு மேல் இறங்கியிருந்தால் நாற்றம் வர வாய்ப்பு உண்டு, அந்த மாடிக்குக் காற்றுப் பைப் தனியாகக் கொடுக்க வேண்டும். பெண்கள் விடுதி என்பதால் குளியல் பைப்பின் ஒவ்வொரு திருப்பத்திலும் கதவு வைத்த வளைவு போட்டு, அது கைக்கு எட்டும்படி டக்ட் கதவையும் அகலமாக விடுங்கள். முடி அடைப்பு மாதம் ஒருமுறையாவது எடுக்க வேண்டியிருக்கும்.